டிரேடிங் ஜர்னலில் மனநிலை மதிப்பெண்: எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

வணக்கம் நண்பர்களே. ஒவ்வொரு டிரேடிலும் ஆர்டர் போடுவதற்கு முன்பே பயம், பதற்றம், 'விட்டதைப் பிடிக்கணும்' என்கிற வேகம் மூன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் எழுதுகிறேன். ஆர்டர் போட்ட பிறகு எழுதினால் விலை போகும் திசையே மதிப்பெண்ணை மாற்றிவிடும்.

முடிவைப் பணமாகக் கணக்கிடுவதில்லை. பயத்தில் அளவைக் குறைத்து வாங்கினால் நஷ்டமும் சிறிதாகத் தெரியும். அதனால் ஸ்டாப்லாஸில் போகக்கூடிய தொகையை 1R என்று வைக்கிறேன். 500 ரூபாய் ரிஸ்க்கில் 750 நஷ்டம் என்றால் -1.5R. ஸ்டாப்லாஸைத் தள்ளி வைத்ததும் இதில் தெரிந்துவிடும்.

வேகம் 4, 5 இருக்கும் டிரேடுகளின் சராசரி R மோசமாக இருக்கிறது. ஆனால் அவை பெரும்பாலும் ஒரு நஷ்டத்துக்கு அடுத்து வந்தவை. சந்தையும் அன்று தாறுமாறாக ஆடியிருக்கும். அப்படியானால் காரணம் என் மனநிலையா, அன்றைய சந்தையா?

நஷ்டத்துக்கு அடுத்த டிரேடுகளை மட்டும் எடுத்து, அதற்குள் வேகம் குறைவு, அதிகம் என்று ஒப்பிடலாம் என நினைக்கிறேன். அப்புறம் ஒவ்வொரு பக்கமும் கொஞ்சம் டிரேடுகள்தான் மிஞ்சும். ஒரே பெரிய லாபம் சராசரியைத் தூக்கிவிடும். இடைநிலை மதிப்பைப் பார்ப்பது சரியா? இப்படிப் பிரித்துப் பார்த்தவர்கள் உங்கள் முறையைச் சொல்லுங்கள்.