லைவில் மயில்கழுத்துப் பட்டு வெறும் நீலமாகத் தெரிகிறது, என்ன செய்யலாம்?

வணக்கம். டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். வீட்டிலிருந்தே போனில் லைவ் போட்டுப் பட்டுப்புடவை விற்கிறேன். போன வாரம் பீட்டர்மாரிட்ஸ்பர்க் அக்கா ஒருவர் மயில்கழுத்துப் புடவையைத் திருப்பி அனுப்பிவிட்டார். "நீலம்னு வாங்கினேன், பச்சை வந்திருக்கு" என்றார். அவர் மேல் தப்பில்லை. பாவு நீலம், ஊடை பச்சை. நான் அதை ஒரே கோணத்தில்தான் காட்டியிருக்கிறேன்.

அப்புறம் சோதித்துப் பார்த்தேன். ரிங் லைட் கேமராவைச் சுற்றி நேராக அடித்தால் ஜரிகை வெள்ளையாக வெடிக்கிறது, பட்டின் நிறம் வெளுக்கிறது. விளக்கைப் பக்கவாட்டில் 45 டிகிரிக்கு நகர்த்தி, முன்னால் வெள்ளை வாயில் துணி தொங்கவிட்டேன். ஜரிகை அடங்கியது. மடிப்பை மெதுவாகச் சாய்த்தால் இரண்டு நிறமும் வருகிறது. ஜன்னல் வெளிச்சமும் மஞ்சள் பல்பும் கலந்தால் நிறம் கெடுகிறது என்பதால் திரையை மூடிவிட்டேன்.

மிச்சமிருக்கும் தொல்லை இதுதான். அரக்குப் புடவையை எடுத்துவிட்டு வெள்ளைப் புடவை காட்டினால் போனே வெளிச்சத்தையும் நிறத்தையும் மாற்றுகிறது, என் கை கூட நீலமாகிறது! சாதாரண கேமராவில் திரையை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்கின்றன. லைவில் என் போனில் அது நிற்பதில்லை. லைவ் ஓடும்போது வெளிச்சத்தையும் ஒயிட் பேலன்ஸையும் பூட்ட யாருக்காவது வழி தெரியுமா? பின்னால் சாம்பல் நிறத் துணி கட்டியவர்கள் இருந்தால், பலன் இருந்ததா என்றும் சொல்லுங்கள்.