கலைச்சொல் வேண்டும்: குழந்தை முகத்திலிருந்து சூப்பானை ‘நீக்குவது’ சரியான சொல்லா?

ந. எழுதியது:

வணக்கம். கிம்ப் மென்பொருளுக்குத் தமிழில் ஒரு செய்முறைப் பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். குழந்தையின் படம் அருமையாக வந்திருக்கும். ஆனால் வாயில் சூப்பான் இருக்கும், இல்லையென்றால் கன்னத்தில் சாப்பாடு அப்பியிருக்கும், நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். அது தெரியாதபடி செய்து, சட்டம் போட்டு மாட்ட வேண்டும். இதுதான் பாடம்.

மூன்றுக்கும் ‘நீக்குதல்’ என்றே எழுதி வைத்திருந்தேன். சோதித்துப் பார்க்கக் கொடுத்த தோழி, சூப்பானைச் சுற்றித் தேர்வு செய்துவிட்டு Delete விசையைத் தட்டியிருக்கிறார். வாய் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை ஓட்டை. “நீக்கச் சொன்னாய், நீக்கினேன்” என்கிறார். அவர் மேல் தப்பில்லை.

மொழிபெயர்ப்புக் கோப்பில் இன்னும் நிரப்பாமல் இருக்கும் வரிகள் இவை:

```
msgid "Clone"
msgstr ""

msgid "Heal"
msgstr ""
```

இவற்றோடு, படத்தில் விடுபட்ட இடத்தை இட்டு நிரப்பும் ‘இன்பெயின்டிங்’ என்பதற்கும் ஒரு சொல் வேண்டும். முதலாவதற்கு ‘நகல்’ என்றால் Copy கோபித்துக்கொள்கிறது. இரண்டாவதற்கு ‘குணப்படுத்து’ என்று போட்டுப் பார்த்தேன். மருந்துக் கடை போல இருந்தது.

கு. எழுதியது:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மூன்றுக்கும் ‘மீட்டல்’. சூப்பானுக்குப் பின்னால் மறைந்திருக்கும் முகத்தை மீட்கிறோம். இன்பெயின்டிங்கைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் ‘உள்வரைதல்’. படத்துக்கு உள்ளே வரைவதால் அந்தப் பெயர். நேர் மொழிபெயர்ப்பு, வேலை முடிந்தது.

பெ. எழுதியது:

அம்மா, தாங்கள் கேட்ட சொல்லுக்கு ‘சூப்பான்’ போதும். எங்கள் வீட்டில் ‘சூப்பி’ என்போம். ‘வாய்ச்சூப்பான்’ என்று நீட்டத் தேவையில்லை. ‘அமைதிப்படுத்தி’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். குழந்தைக்கு மயக்க ஊசி போட்டது போல இருக்கும்.

ந. எழுதியது:

ஐயா, நான் கேட்டது வேறு. இருந்தாலும் நன்றி, ‘சூப்பான்’ பக்கத்தில் அப்படியே இருக்கும்.

ச. எழுதியது:

ஸ்டூடியோவில் இருபது வருஷம் டச்சிங் வேலை செய்தவன் என்பதால் சொல்கிறேன். நெகட்டிவ் காலத்தில் பிசின்போல ஒன்றைத் தடவி, அதன் மேல் கூர்சீவிய பென்சிலால் புள்ளி வைப்போம். நெகட்டிவில் கறுத்த இடம் பிரிண்டில் வெளுக்கும் அல்லவா? கண்ணுக்குக் கீழிருக்கும் கருவளையம் அப்படித்தான் போகும். அந்த வேலை முழுவதற்கும் எங்களுக்கு இருந்த ஒரே சொல் ‘டச்சிங்’. அதை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வரவில்லை. ஒரே சொல் இருந்ததால் புதிதாக வந்த பையன்களுக்கு எதை எப்போது செய்வது என்று விளக்கவே முடியாமல் போனது. ந. அக்காவுக்கும் அதே சிக்கல்தான்.

முதலில் கு. தம்பிக்கு. ‘மீட்டல்’ என்றால் இருந்தது திரும்பி வர வேண்டும். சூப்பானின் தட்டுக்குப் பின்னால் படத்தில் எதுவுமே இல்லை. கேமரா பார்க்காத உதட்டை யாராலும் மீட்க முடியாது, வேறெங்கிருந்தாவது கொண்டுவரத்தான் வேண்டும். ‘உள்வரைதல்’ பரவாயில்லை, ஆனால் நீங்கள் சொன்ன காரணம் தவறு. அந்தச் சொல் ஓவியம் பழுதுபார்ப்பவர்களிடமிருந்து வந்தது. வண்ணம் உதிர்ந்துபோன இடத்துக்குள் மட்டும் தீட்ட வேண்டும், மிஞ்சியிருக்கும் அசல் மேல் தூரிகை படக்கூடாது என்பதுதான் அந்த ‘உள்’. கணினிப் பக்கம் அதைக் கொண்டுவந்தது 2000-ல் வந்த பெர்தல்மியோ, சபீரோ ஆகியோரின் ஆய்வுக் கட்டுரை. ஆக எல்லைதான் அந்தச் சொல்லின் உயிர். ‘உள்வரைதல்’ என்று கேட்டால் அந்த எல்லை யாருக்காவது தோன்றுகிறதா?

இப்போது இரண்டு கருவிகள். நெற்றியில் பிளாஸ்திரி என்று வையுங்கள். Clone எடுத்தால், பக்கத்து நெற்றியிலிருந்து தோலை நிறமும் வெளிச்சமும் சேர்த்து அப்படியே எடுத்து அப்பும். நெற்றியின் ஒரு பக்கம் ஜன்னல் வெளிச்சம், மறுபக்கம் நிழல் என்றால், அப்பியது திட்டாகத் தெரியும். Heal எடுத்தால், அங்கிருந்து தோலின் நுண்மணியை மட்டும் எடுத்துக்கொள்ளும். நிறத்தையும் வெளிச்சத்தையும், போய்ச் சேரும் இடத்தின் ஓரங்களைப் பார்த்து ஒத்துப்போகும்படி மாற்றிக்கொள்ளும்.

இதனால்தான் Heal ஓர் இடத்தில் காலை வாரிவிடும். ஓரத்தைப் பார்த்து நிறம் எடுப்பதால், ஓரத்தில் பிளாஸ்திரியின் விளிம்பு ஒரு நூல் மிஞ்சியிருந்தாலும் அந்த நிறம் உள்ளே ஊறிவிடும். புருவத்தைத் தொட்டால் நெற்றிக்குள் கறுப்பு கசியும். அழுக்குத் துணியால் துடைத்தது போல ஒரு மங்கல் தெரிந்தால் காரணம் இதுதான். ஆகவே தேர்வை பிளாஸ்திரிக்கு வெளியே நாலைந்து பிக்சல் தள்ளி, அதன் நிழலும் உள்ளே வருமாறு போட வேண்டும். புருவத்தை ஒட்டிய பகுதியை மட்டும் முதலில் Clone வைத்து முடித்துவிட்டு, மிச்சத்துக்கு Heal.

என் யோசனை: முன்னதற்கு ‘ஒற்று’, கருவி ‘ஒற்றி’. பின்னதற்கு ‘இழைவி’. நிறம் நிறத்தோடு இழைந்து போகிறது என்று நாம் பேச்சில் சொல்வதுதானே.

வி. எழுதியது:

நான் இந்தக் குழுவில் படிப்பதோடு சரி. என் கதையைச் சொல்லிவிடுகிறேன். மகளின் முதல் பிறந்தநாள் படம். கன்னம் முழுக்க கேரட் மசியல். நீங்கள் ‘இழைவி’ என்கிறீர்களே, அதை வைத்துக் கன்னம் பூராவும் தேய்த்தேன். மசியல் போனது, கூடவே கன்னமும் போனது. பொம்மைக் கடையில் வாங்கின முகம் மாதிரி இருக்கிறது. என்ன தப்பு செய்தேன்?

ச. எழுதியது:

நல்ல கேள்வி, சொல்லுக்கும் உதவும். மசியல் கன்னத்தை மறைக்கவில்லையே, பெரும்பாலான இடத்தில் மெல்லிய பூச்சுதான். அதற்கடியில் கன்னத்தின் வளைவு, பூனைமுடி, வெளிச்சம் எல்லாம் படத்தில் அப்படியே இருக்கின்றன. கெட்டது நிறம் மட்டும். அங்கே இழைவியைத் தேய்ப்பது, கறை பட்ட சட்டையைத் துவைக்காமல் கிழித்துவிட்டு ஒட்டுப் போடுவது போல.

மேலே ஒரு வெற்று அடுக்கு போட்டு, அதன் கலப்பு முறையை HSL Color என்று மாற்றுங்கள். சுத்தமான கன்னத்தில் நிறத்தைத் தொட்டு எடுத்து, மென்மையான தூரிகையில் 20–30 சதவீத அடர்த்தியில் மெதுவாகப் பூசுங்கள். ஆரஞ்சு போகும், வெளிச்சமும் நிழலும் அசையாது. கெட்டியாகத் திரண்டு நிற்கும் துணுக்குகளுக்கு மட்டும் இழைவி. ஈரமாகப் பளபளக்கும் புள்ளி இருந்தால் அதற்கும். ஒவ்வொரு துணுக்குக்கும் மூலப்புள்ளியைப் புதிதாக எடுங்கள், அதே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப எடுத்தால் ஒரே மச்சம் மூன்று தடவை வரும்.

கு. எழுதியது:

சரி, ‘மீட்டல்’ மசியலுக்குப் பொருந்துகிறதே! அடியில் முகம் இருக்கிறது, அதை மீட்கிறோம். நான் சொன்னது முழுத் தப்பில்லை.

ந. எழுதியது:

கு. சொல்வது சரிதான், மசியலுக்கு ‘மீட்டல்’ எடுத்துக்கொள்கிறேன். சூப்பானுக்கு இல்லை. நேற்று ராத்திரி உட்கார்ந்து சூப்பானையே செய்து பார்த்தேன், அதைச் சொன்னால் ஏன் என்று தெரியும்.

என் அக்கா பையன் படம். கண் இரண்டும் திறந்து, நேராகப் பார்க்கிறான், வாயில் நீலச் சூப்பான். சில நொடிகளுக்கு முன் எடுத்த இன்னொரு படத்தில் வாய் காலி, ஆனால் கண் மூடியிருக்கிறது. இரண்டாவதை மேலடுக்காக வைத்து, 50 சதவீதம் தெரியும்படி செய்து, கண்களின் உள்மூலைகளையும் மூக்குத் துவாரங்களையும் பொருத்தினேன். 3 பாகை திருப்பி, 104 சதவீத அளவுக்குப் பெரிதாக்க வேண்டியிருந்தது. கண்மூலை பொருந்தி மூக்கு நுனி பொருந்தாமல் போனால், தலையையே திருப்பியிருக்கிறான் என்று அர்த்தம், அந்தப் படம் ஆகாது. இது பொருந்தியது. அடுக்குக்கு முகமூடி போட்டு, அதை முழுக்கக் கறுப்பாக்கி, வாய் மட்டும் தெரியும்படி வெள்ளைத் தூரிகையால் திறந்தேன்.

வாய் வந்துவிட்டது. ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை. ஏனென்று கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் ஆனது. அவன் சூப்பிக்கொண்டிருந்ததால் கன்னம் இரண்டும் உள்ளே இழுபட்டிருக்கின்றன, தாடை சற்றுக் கீழே இறங்கியிருக்கிறது. சும்மா மூடியிருக்கும் உதட்டுக்கு அந்தக் கன்னம் பொருந்தாது. அதுபோக தட்டின் நிழல் மேலுதட்டுக்கு மேலே பிறை மாதிரி நிற்கிறது, முகவாயில் நீலச் சாயல் வேறு. சூப்பான் போனபிறகும் சூப்பானின் வேலை முகத்தில் இருக்கிறது!

கடைசியில் முகமூடியை மூக்கின் இருபுறக் கோட்டிலிருந்து கன்னத்தின் பாதி வரைக்கும், கீழே முகவாயின் நிழல் வரைக்கும் அகலத் திறந்தேன். ஒட்டிய கோடு முகத்தின் மடிப்பிலும் நிழலிலும் விழுந்ததால் மறைந்தது. வெளிச்சத்தை வளைகோட்டுக் கருவியில் கொஞ்சம் இறக்கினேன், விளிம்புக்கு மட்டும் இழைவி. அக்காவிடம் காட்டினேன், “எப்போது துப்பினான்?” என்றாள்.

ஆக நான் செய்தது மீட்டலும் இல்லை, ஒற்றலும் இல்லை. கோடிட்ட இடத்தை வேறொரு தாளைப் பார்த்து நிரப்பினேன். ‘இரவல் நிரப்பல்’ என்று எழுதினால் சிரிப்பீர்களா?

பெ. எழுதியது:

சிரிக்கவில்லை அம்மா. இரவல் என்பது நல்ல சொல். ஆனால் இரவல் வாங்க ஆளில்லாதபோது? இரண்டாவது படமே இல்லை என்றால் என்ன பெயர்?

ச. எழுதியது:

பெரியவர் இப்போது கேட்டது சரியான கேள்வி. இரண்டாவது படம் இல்லாமல் சுற்றியிருப்பதைப் பார்த்து மென்பொருளே இட்டு நிரப்புவதுதான் இன்பெயின்டிங். சுற்றிலும் தோல் மட்டும் இருக்கும்போது, நெற்றி பிளாஸ்திரி மாதிரி, அது நன்றாக வரும். சூப்பானைச் சுற்றியும் தோல்தான் இருக்கிறது, அதனால் முகங்களைக் கற்றுப் பழகாத மென்பொருள் வாயிருக்கும் இடத்தையும் தோலால் மூடிவிடும். உதடு என்று ஒன்று அங்கே இருந்தது அதற்குத் தெரியாது. அதனால் நான் ‘ஊகநிரப்பல்’ என்பேன். ஊகம் என்று பெயரிலேயே இருந்தால், பார்ப்பவருக்கும் ஓர் எச்சரிக்கை.

கு. எழுதியது:

மெனுவில் ‘ஊகநிரப்பல்’ நீளம். பொத்தானுக்குள் அடங்காது. ‘இட்டுநிரப்பு’ போதும்.

ச. எழுதியது:

அதுவும் அதே நீளம்தான் தம்பி, எண்ணிப் பாருங்கள்.

வி. எழுதியது:

ச. அண்ணா, கலப்பு முறை மாற்றிச் செய்தேன். கன்னம் திரும்பி வந்துவிட்டது. மூக்குக்குக் கீழே ஒரு பொட்டு மசியலை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அதற்கு ஏதாவது கலைச்சொல் இருக்கிறதா?

ந. எழுதியது:

இருக்கிறது வி., ‘விட்டுவைத்தல்’. ஒற்றி, இழைவி இரண்டையும் இன்று கோப்பில் ஏற்றிவிட்டேன். மூன்றாவதுக்கு ஊகநிரப்பலா, இட்டுநிரப்பலா என்று வெள்ளிக்கிழமை வரை வரியைக் காலியாக விடுகிறேன். கு., பொத்தானின் அகலத்தை அளந்து அனுப்புங்கள்.