மெட்டா-எத்னோகிராஃபி: 14 ஆய்வுகளும் வெறும் தலைப்புப் பட்டியலாகவே முடிகின்றன, உதவி தேவை

கயல்:
நாள்பட்ட நோயோடு வாழும் முதியவர்களின் அனுபவம் பற்றிய 14 பண்புசார் ஆய்வுகளைத் தொகுக்கிறேன். நோயாளிகளின் மேற்கோள்களை எல்லாம் NVivo மென்பொருளில் ஏற்றி கோடிங் செய்ததில் வலி, மருந்து, குடும்பம், மருத்துவர் என்று 9 தலைப்புகள் வந்தன. "இது தலைப்புவாரித் தொகுப்பு, மெட்டா-எத்னோகிராஃபி இல்லை" என்று கைடு திருப்பிவிட்டார். இன்னொரு சிக்கல்: சில ஆய்வுகள் நோய் வாழ்க்கையையே உடைத்ததாகச் சொல்கின்றன, சில "வயசானா வர்றதுதானே" என்கின்றன. பின்னவற்றை எங்கே வைப்பது?

மருதன்:
ஆய்வுகளுக்குள் வேறுபாடு அதிகம் என்றால் ரேண்டம் எஃபெக்ட்ஸ் மாடல் போடுங்கள். RevMan-லேயே வரும்.

கயல்:
எண்களே இல்லை சார், எல்லாம் நேர்காணல் ஆய்வுகள்.

கோபிநாத்:
CASP தரச் சரிபார்ப்புப் பட்டியலை வைத்து மதிப்பிட்டு, மோசமானவற்றைக் கழித்துவிடுங்கள். மிச்சத்தில் எது அதிக ஆய்வுகளில் வருகிறதோ அதுதான் உங்கள் முடிவு. 11 பேர் சொல்வதை 3 பேர் மறுத்தால் 11-க்கே எடை.

இளவேனில்:
CASP போடுவதில் தப்பில்லை கோபி. ஆனால் முறையை அரைப் பத்தியில் எழுதிவிட்டுப் போன கட்டுரையில்கூட நல்ல கருத்தாக்கம் இருக்கும். நான் கழிப்பது, மேற்கோள்களை அடுக்கிவிட்டு ஆசிரியர் தன் விளக்கம் என்று எதுவும் சொல்லாத கட்டுரைகளை. ஓர் ஆய்வின் கருத்தாக்கத்தை இன்னோர் ஆய்வின் கருத்தாக்கத்துக்குள் பெயர்த்துப் பார்ப்பதுதான் மெட்டா-எத்னோகிராஃபி. அவற்றில் பெயர்க்க ஒன்றும் இருக்காது. எண்ணிக்கை எடை இங்கே செல்லாது, அந்த 3 ஆய்வுகளில்தான் விஷயமே இருக்கலாம்.

கயல், நீங்கள் கோடிங் செய்தது நோயாளியின் சொற்களை. அவை ஆசிரியர் தேர்ந்தெடுத்துத் தந்த துண்டுகள்தான், முழு நேர்காணல் உங்களிடம் இல்லை. 1988-இல் நோப்ளிட்டும் ஹேரும் இந்த முறையை வகுத்தபோது மூலப்பொருளாக எடுத்தது ஆய்வாளரின் விளக்கத்தை. அதனால் NVivo-வை மூடிவிட்டு எக்செல் திறங்கள். ஆய்வுக்கு ஒரு வரிசை. நோய், வயது, நோய் வந்து எத்தனை ஆண்டு, ஊர் ஆகியவை முதல் நெடுவரிசைகளில். அடுத்த நெடுவரிசையில் ஆசிரியரின் கருத்தாக்கம், அவர் சொல்லிலேயே. அதற்கடுத்து, அதை அவர் எப்படி விளக்குகிறார் என்று இரண்டு வரி. "குடும்பம்" என்று ஒற்றைச் சொல்லாகச் சுருக்கினால் அங்கேயே விளக்கம் செத்துவிடும்.

உங்கள் முரணுக்கு மூன்று பழைய ஆய்வுகளை வைத்துக் காட்டுகிறேன். பரி, 1982: முடக்குவாதம் வந்த 30 பேர். நோய் வாழ்க்கை வரலாற்றையே குலைக்கிறது என்பது அவர் கருத்தாக்கம். கிழவர்களுக்கு வருவது என்று நினைத்திருந்த நோய் முன்கூட்டியே வந்துவிட்டது என்ற அதிர்ச்சியும் அதில் உண்டு. பவுண்டும் சகாக்களும், 1998: கிழக்கு லண்டனில் பக்கவாதம் வந்த முதியவர்கள். கஷ்டம் பார்த்துப் பழகிய வாழ்க்கை, அதில் இதுவும் எதிர்பார்த்த ஒரு நெருக்கடி. சாண்டர்ஸும் சகாக்களும், 2002: மூட்டுத் தேய்மானம். ஒரே ஆள் "இந்த வயசுக்கு சகஜம்" என்றும் சொல்கிறார், அன்றாடம் குலைந்ததையும் சொல்கிறார்.

இப்போது முதலிரண்டையும் எதிரெதிரே வைத்து, எதனால் மோதுகின்றன என்று கேளுங்கள். நோயும் வேறு, வயதும் வேறு. ஆனால் பரியின் விளக்கத்துக்குள்ளேயே வயது பற்றிய எதிர்பார்ப்பு ஒளிந்திருக்கிறது. மூன்றாவது அதைத் திருத்துகிறது: சகஜம் என்று சொல்வதற்கு, சுமை குறைவு என்று பொருளில்லை. ஆக, அந்த வயதில் என்ன எதிர்பார்த்தார்களோ அதை வைத்தே நோயை அளக்கிறார்கள், சுமையை வைத்து மட்டும் அல்ல. இது ஒரு வாதச்சரடு. உங்கள் 14-இலும் ஓட்டிப் பாருங்கள், எந்த ஆய்வு இதை உடைக்கிறது என்று தேடுங்கள். நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: உங்கள் முடிவை ஒரே ஒரு கட்டுரையை மட்டும் படித்து எழுதியிருக்க முடியும் என்றால், தொகுப்பு இன்னும் நடக்கவில்லை.

செவிலியர்_பிரியா:
டயாலிசிஸ் நோயாளிகளிடம் நான் எடுத்த நேர்காணல்கள் இருக்கின்றன. அவற்றையும் இதே எக்செலில் சேர்க்கலாமா மேடம்?

இளவேனில்:
நேர்காணலாகச் சேர்க்க முடியாதும்மா. பகுப்பாய்வு முடித்து உங்கள் விளக்கத்தோடு எழுதிய பிறகு, மற்ற ஆய்வுகளைத் தேர்ந்தெடுத்த அதே விதிப்படி அதுவும் ஒரு வரிசையாக வரலாம்.

கயல்:
புரிகிறது. எந்தக் கட்டுரையில் தொடங்குவது? ஆண்டு வரிசையா, விளக்கம் கனமாக உள்ளதா?

இளவேனில்:
இரண்டும் நடைமுறையில் உண்டு. நான் ஆண்டு வரிசை. பின்னால் வந்தவர் முன்னவரைப் படித்துவிட்டு எழுதியிருப்பார், அந்தப் பாதிப்பு கண்ணில் படும்.

கோபிநாத்:
ஆண்டு வரிசையில் போனால் எல்லாவற்றையும் பரியின் கண்ணாடி போட்டே பார்ப்போம் இல்லையா? கனமான கட்டுரையில் தொடங்குவதே மேல்.

இளவேனில்:
அந்த ஆபத்து இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எது கனம் என்று தீர்மானிப்பதும் நம் கண்ணாடிதானே. எதில் தொடங்கினோம், ஏன் என்பதைக் கட்டுரையில் எழுதிவிட வேண்டும். 2019-இல் வந்த eMERGe வழிகாட்டியும் பெயர்த்த விதத்தை விவரிக்கச் சொல்கிறது.

கயல்:
என்னிடம் ஒரு ஆய்வில் 80 வயதுக்காரர்கள், "சகஜம்" என்ற பேச்சே இல்லை, கோபம்தான். இன்று முதலில் அந்த வரிசையை நிரப்புகிறேன்.