டர்பன் கடைக்காரர்களே, மாமாவுக்கு ஒரு விலைக் கணக்கு சொல்லுங்கள்

வணக்கம். சாட்ஸ்வர்த்தில் என் மாமா மளிகைக் கடை நடத்துகிறார். கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. கணக்கைப் பார்த்தபோதுதான் காரணம் பிடிபட்டது.

வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம் சேர்ந்து விற்பனையில் 22 விழுக்காட்டைத் தின்கின்றன. அதனால் 25 விழுக்காடு லாபம் போதும் என்று முடிவு செய்து, 60 ராண்ட் அடக்கமான மசாலாப் பொட்டலத்துக்கு 15 ராண்ட் கூட்டி 75 என விலை வைத்திருக்கிறார் (வாட் வரி நீங்கலாக). அந்த 25 அடக்க விலையின் மீது ஏற்றிய மார்க்கப். செலவோ விற்பனையின் பங்காகக் கணக்கிடப்பட்டது. 75இல் 15 என்பது 20 விழுக்காடு மார்ஜின்தான். செலவு 16.50, ஆக, பொட்டலத்துக்கு ஒன்றரை ராண்ட் கைநட்டம். இதற்கு மேல் தீபாவளித் தள்ளுபடி வேறு! 20 விழுக்காடு தள்ளினால் விலை மறுபடி 60, அதாவது வாங்கிய விலையே.

உண்மையில் 25 விழுக்காடு மார்ஜின் வேண்டுமானால் 60ஐ 0.75ஆல் வகுக்க வேண்டும்: 80 ராண்ட். அது மூன்றில் ஒரு பங்கு மார்க்கப். மாமா "வாடிக்கையாளர் ஓடிவிடுவார்" என்கிறார்.

என் கேள்வி இதுதான்: அரிசி, எண்ணெய் விலையைத் தொடாமல் மசாலா, ஊதுபத்தியில் மட்டும் ஏற்றினால் மொத்த மார்ஜின் தேறுமா? உங்கள் கடைகளில் எந்தப் பொருளுக்கு எவ்வளவு வைக்கிறீர்கள்? பில் இயந்திரத்தில் விழுக்காடு கேட்கும் கட்டத்தில் 100 ராண்ட் அடக்கத்துக்கு 50 என்று போட்டுப் பார்த்தேன். 150 காட்டியது, 200 அல்ல. அதை மார்ஜினுக்கு மாற்றத் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.