பழைய டிவி போடும் 'கீ' சத்தம் எனக்கு மட்டும் கேட்கவில்லை

நூல்கண்டு: போன வாரம் அம்மா வீட்டுப் பரணிலிருந்து பழைய பிக்சர் டியூப் டிவியை இறக்கி ஓடவிட்டேன். சவுண்டைக்கூட வைக்கவில்லை. எட்டாவது படிக்கும் மகள் காதைப் பொத்திக்கொண்டு, "என்னப்பா இது, கீன்னு கத்துது?" என்றாள். எனக்கு நிசப்தம். சின்ன வயதில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, அந்தக் கீச்சலை வைத்து உள்ளே டிவி ஓடுகிறது என்று சொல்லிவிடுவேன். அப்பா நம்பவே மாட்டார். எனக்கு இப்போது 44.

பச்சைமிளகாய்: காதில் குறும்பி அடைத்திருக்கும் சார். எடுத்தால் சரியாகிவிடும்.

ஸ்க்ரூடிரைவர்: முப்பது வருடம் டிவி ரிப்பேர் பார்த்தவன் நான். நம்ம ஊர் டிவியில் ஒரு படத்துக்கு 625 கோடு, நொடிக்கு 25 படம். பெருக்கினால் 15,625. உள்ளே இருக்கும் லைன் டிரான்ஸ்ஃபார்மர் நொடிக்கு அத்தனை முறை அதிரும், அந்தச் சத்தம்தான் அது. பெட்டியைத் திறக்காமலே, 'கீ' வந்தால் லைன் செக்‌ஷன் ஓடுகிறது என்று கண்டுபிடிப்பேன். நாற்பது தாண்டியதும் கடைப் பையனைக் கூப்பிட்டு, "கத்துதாடா?" என்று கேட்க வேண்டியதாகிவிட்டது.

காதோலை: காது பரிசோதனை செய்வது என் வேலை. குறும்பி அடைத்தால் பொதுவாக எல்லாச் சத்தமும் மங்கும், உச்சியில் இருக்கும் கீச்சுச் சத்தம் மட்டும் தனியாகப் போகாது. உள்காதில் நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள் இருக்கிறது. கீச்சுச் சத்தத்தைப் பிடிக்கும் மயிர் செல்கள் அதன் நுழைவாயிலில், கனத்த சத்தத்துக்கானவை உள்கோடியில். வயதாகும்போது நுழைவாயிலில் இருப்பவைதான் முதலில் சாகின்றன. நமக்கு அவை திரும்ப முளைக்காது, கோழிக்கு முளைக்கும்! நாங்கள் வழக்கமாகச் சோதிப்பது நொடிக்கு 8,000 அதிர்வு வரைதான். அதனால் உங்கள் ரிப்போர்ட் நார்மல் என்றே வரலாம். இழப்பு அதற்குக் கீழே இறங்கும்போதுதான், "பேசுறது கேட்குது, என்ன பேசுறாங்கன்னு புரியல" என்று வருகிறார்கள். 'ஸ்', 'ஃப்' போன்ற ஒலிகள் முதலில் நழுவும்.

மாடிவீடு: எனக்கு 52. செல்போனில் காதைச் சோதிக்கும் வீடியோவில் 17,000 அதிர்வுச் சத்தம் தெளிவாகக் கேட்டதே?

ஸ்க்ரூடிரைவர்: வீடியோவைச் சுருக்கும்போது பல நேரம் அந்த உச்சியே வெட்டுப்பட்டுவிடும். நீங்கள் கேட்டது ஸ்பீக்கரின் கரகரப்பாக இருக்கலாம். கேட்கவில்லையே என்று வால்யூமை ஏற்றிவிடாதீர்கள்.

தென்னந்தோப்பு: எனக்கும் ராத்திரியெல்லாம் கீ என்கிறது. டிவியே இல்லை.

காதோலை: அது வேறு விஷயம் அண்ணா, காதிரைச்சல். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். ஒரே காதில் மட்டும் என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

பச்சைமிளகாய்: எங்கள் தாத்தா 80 வயதிலும் குசுகுசுப்பைக் கேட்பார். காட்டுவேலை, இரைச்சலே கிடையாது.

காதோலை: இரைச்சல் காதைக் கெடுக்கும், சந்தேகமில்லை. ஆனால் தாத்தாவுக்கு அந்த 'கீ' கேட்டிருக்குமா என்பது வேறு கேள்வி.

நூல்கண்டு: நேற்றுச் சோதித்துவிட்டோம். டிவி மேல் போர்வை, மகளும் மனைவியும் முதுகைக் காட்டி உட்கார, நான் பத்து முறை இஷ்டத்துக்குப் போட்டும் போடாமலும், "கத்துதா?" என்று கேட்டேன். மகள் பத்துக்குப் பத்து. 39 வயது மனைவி ஆறு. அது கேட்டதா, குத்துமதிப்பா என்று வீட்டில் இன்னும் சண்டை.