மீன் குழம்பு ஒரே புளிப்பு! புளிக்குப் பதிலா எலுமிச்சை, மாங்காய் போடலாமா? (அவசரம்)

கடலூர்_செல்வி: நேத்து வச்ச மீன் குழம்பு வாயில வைக்க முடியல, பல்லு கூசுது. எப்பவும் போடுற அளவு புளிதான் போட்டேன். நாளைக்கு மதியம் மாமியார் வீட்டு ஆளுங்க வர்றாங்க. புளியே வேணாம்னு எலுமிச்சையோ மாங்காயோ போட்டா சரியா வருமா? எவ்ளோ போடணும்? சீக்கிரம் சொல்லுங்க.

பாகூர்_ராஜி: எப்பவும் போடுற அளவுன்னா எவ்ளோம்மா? மீன் எவ்ளோ? பழைய புளியா, புதுப்புளியா?

நெல்லித்தோப்பு_குமார்: புதுசா கடையில வாங்கினதா? கொட்டை எடுத்ததா, எடுக்காததா?

முதுநகர்_பெரியவர்: "எலுமிச்சை அளவு"ன்னு கையால உருட்டிப் போடுற வரைக்கும் இப்படித்தான் ஆகும். இதை இங்க எத்தனை தடவைதான் சொல்றது? பழைய இழைகளைப் படிச்சுட்டுக் கேக்கலாம் இல்ல. கறுத்த பழம்புளியா இருக்கும், அதான். கறுக்கக் கறுக்கப் புளிப்பு ஏறும்.

பாகூர்_ராஜி: ஐயா, நிறத்தை வச்சு அப்படிச் சொல்ல முடியாது. நாள்பட்டா புளி கறுக்கும், குழம்புக்கு நல்ல நிறம் தரும். புளிப்பு மரத்துக்கு மரம் மாறும். போன பங்குனியில வந்த புதுப்புளி எங்க வீட்டுல பழசை விட சுரீர்னு இருந்துச்சு.

முதுநகர்_பெரியவர்: நாப்பது வருஷமா சமைக்கிறேன்மா.

விழுப்புரம்_தினேஷ்: எனக்கும் இதே பிரச்சினை. ரூம்ல வத்தக்குழம்பு வைக்க பாட்டில் புளி விழுது வாங்கினேன். ரெண்டு ஸ்பூன் போட்டதுக்கே கசந்துடுச்சு. அதுக்கு என்ன பண்றது?

கடலூர்_செல்வி: சங்கரா 1 கிலோ. ரெண்டு எலுமிச்சை அளவு புளி. முன்ன கொட்டையோட இருக்கும், இந்தத் தடவை கொட்டை எடுத்த கட்டிப் புளி.

பாகூர்_ராஜி: அதான் விஷயம் செல்வி. கொட்டையோட இருக்கிற புளியில மூணுல ஒரு பங்குக்கு மேல கொட்டைதான், போதாததுக்கு நாரு வேற. கட்டிப் புளியை அழுத்தித்தான் பொதி போடுவாங்க. அதே உருண்டையில சதை ஏறக்குறைய ரெண்டு மடங்கு வந்திருக்கும். தராசு இருந்தா நிறுத்துப் பாரு.

நாளைக்கு 1 கிலோ மீனுக்கு 45 கிராம் எடு. அரை லிட்டர் சுடுதண்ணியில அரை மணி நேரம் ஊறவச்சுப் பிசைஞ்சு வடிகட்டு. முதல்ல முக்கால் பங்கை ஊத்து. குழம்பு கொதிச்சு எண்ணெய் மிதக்கும்போது ருசி பாத்துட்டு மிச்சத்தை ஊத்திக்கோ. குழம்பு வத்தினாலும் புளிப்பு ஆவியாப் போகாது, தண்ணிதான் போகும். அதனால கொதிக்கிறதுக்கு முன்னாடி சரியா இருந்தா, கொதிச்சப்புறம் கூடித்தான் இருக்கும். சில புளியில உப்புக் கலந்து வச்சிருப்பாங்க, கரைச்சலை நாக்குல வச்சுப் பாத்துட்டு உப்புப் போடு.

நெல்லித்தோப்பு_குமார்: எலுமிச்சை ஊத்துங்க, எனக்கு நல்லா வரும். கொதிக்கும்போதே ரெண்டு பழம் பிழிஞ்சிடுவேன்.

பாகூர்_ராஜி: ரெண்டு மூணு பழம்னா புளிப்புக்குச் சரிதான் தம்பி. ஆனா கொதிக்க விட்டா வாசம் போயிடும், கசப்பு தட்டும். அடுப்பை அணைச்சுட்டு, விதை விழாம பிழியணும். அப்பவும் புளி தர்ற கெட்டியும் நிறமும் வராது. ரசத்துக்கு எலுமிச்சை நல்லா அமையும். மீன் குழம்புக்கு நான் ஊத்த மாட்டேன்.

தேவனாம்பட்டினம்_மீனா: மாங்காய் போடுக்கா! எங்க வீட்டுல மாங்காய் இல்லாத சங்கரா குழம்பே கிடையாது.

முதுநகர்_பெரியவர்: சங்கராவுக்கு யாரு மாங்காய் போடுவா? மாங்காய் நெத்திலிக்கும் மத்திக்கும்தான்.

தேவனாம்பட்டினம்_மீனா: எங்க தெருவுல வந்து பாருங்க பெரியப்பா. வஞ்சிரத்துக்கே போடுவோம்.

முதுநகர்_பெரியவர்: வஞ்சிரத்துல மாங்காயா! மீன் ருசியே போச்சு.

பாகூர்_ராஜி: சண்டை அப்புறம் போடலாம். செல்வி, மாங்காய் போட்டா புளியைப் பாதியாக் குறைச்சுடு. கிளிமூக்கு வேணாம், அதுல புளிப்பு கம்மி. நாட்டு மாங்காய் நடுத்தரமா ஒண்ணு போதும். நறுக்கினதும் கொட்டையை ஒட்டின சதையைக் கடிச்சுப் பாரு. உள்ள மஞ்சள் ஓடியிருந்தா பழுக்கப்போகுது, புளிப்பு இறங்கிடும். குழம்பு கொதிச்சதும் துண்டைப் போட்டு, பாதி வெந்ததும் மீனைப் போடு. மாங்காய்ப் புளிப்பு துண்டுக்குள்ளயே கொஞ்சம் தங்கியிருக்கும், மறுநாள்தான் குழம்புக்கு முழுசா இறங்கும். ஆகவே அன்னைக்குப் புளிப்பு கம்மியா இருக்கேன்னு மேல புளி ஊத்தாதே.

நெல்லித்தோப்பு_குமார்: நேத்து வச்ச குழம்பை என்ன பண்றது?

பாகூர்_ராஜி: தேங்காய் அரைச்சு ஊத்தி ஒரு கொதி விட்டா புளிப்பு மட்டுப்படும். சோடா மாவு மட்டும் வேணாம், நுரைச்சு ஒரு மாதிரி வாடை வரும்.

விழுப்புரம்_தினேஷ்: என் பாட்டில் விழுது?

கடலூர்_செல்வி: நிறுத்துப் பாத்தேன்க்கா, ரெண்டு உருண்டை 85 கிராம்! இன்னைக்கு 25 கிராம் புளி, ஒரு மாங்காய் போட்டேன். சரியா வந்துச்சு. அத்தை ரெண்டாவது தடவை ஊத்திக்கிட்டாங்க. பாத்திரம் கழுவணும், வர்றேன்.