மாலை நிகழ்ச்சிக்கு அறை மாறிவிட்டது, வருபவர்களுக்கு எப்படித் தெரிவிப்பது? (அவசரம்)

தெம்பனிஸ்_வாசகி (பிற்பகல் 2.20)

இன்று மாலை 6.30க்கு எங்கள் சிறுகதைக் கலந்துரையாடல். 2ஆம் தளத்து அறை என்று சுவரொட்டி போட்டு, எல்லாருக்கும் அனுப்பி முடித்தாயிற்று. இப்போது கட்டட அலுவலகத்திலிருந்து போன்: அந்த அறையில் குளிர்சாதனம் ஓடவில்லை, 4ஆம் தளத்தில் #04-07 தருகிறோம் என்கிறார்கள். வருபவர்கள் சுமார் 60 பேர். பாதிப் பேர் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள், மற்றவர்களுக்கு ஒலிபரப்புப் பட்டியல் வழியாகத்தான் அனுப்புவேன். மூத்தவர்கள் நிறைய. ஒருவர் சக்கர நாற்காலியில் வருவார்.

இதுதான் நான் எழுதி வைத்திருப்பது:

"அன்பு நெஞ்சங்களே, வணக்கம்! தவிர்க்க இயலாத காரணத்தால் இன்றைய நிகழ்ச்சி நடைபெறும் இடத்தில் ஒரு சிறு மாற்றம். புதிய அறை 4ஆம் தளத்தில் மின்தூக்கிக்கு அருகில் உள்ளது. சிரமத்திற்கு வருந்துகிறோம்."

இது போதுமா?

யீஷூன்_காரர் (2.26)

கூகள் மேப்ஸ் பின் ஒன்றை அனுப்பிவிடுங்கள், கூடவே அஞ்சல் குறியீடு. சிங்கப்பூரில் ஆறு இலக்கம் தட்டினால் வீட்டு வாசலுக்கே டாக்சி வரும். எழுத்தில் வழி சொன்னால் யார் படிக்கப்போகிறார்கள்?

தேக்கா_பாட்டி (2.31)

ஏம்மா, குளிர்சாதனம் இல்லையென்றால் மின்விசிறி போட்டு உட்கார முடியாதா? அறை வாடகையை முழுசாகக் கொடுத்தீர்களா, பாதி திருப்பிக் கேட்டீர்களா?

தெம்பனிஸ்_வாசகி (2.33)

பாட்டி, ஜன்னல் திறக்க முடியாத அறை அது. வாடகையை நாளைக்குப் பேசிக்கொள்கிறேன். இப்போது ஆட்களைச் சரியான இடத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

மேடைப்பின்_அண்ணன் (2.45)

தங்கச்சி, பின் அனுப்புவதால் பயன் இல்லை. கட்டடம் மாறவில்லையே. பழைய அறைக்கும் புதிய அறைக்கும் அதே அஞ்சல் குறியீடுதான், அந்த நீலப் புள்ளி மாடி எது என்று சொல்லாது. உங்கள் ஆட்கள் கட்டடத்துக்குச் சரியாக வந்துவிடுவார்கள். தொலைவது உள்ளே வந்த பிறகுதான்.

ஒரு கேள்வி. "மின்தூக்கிக்கு அருகில்" என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே மின்தூக்கி ஒன்றுதானா?

தெம்பனிஸ்_வாசகி (2.52)

இரண்டு. முன்வாசலில் இருப்பது 3ஆம் தளம் வரைதான் போகும். 4க்குப் பின்பக்க மின்தூக்கி. வரவேற்பு மேசையைத் தாண்டிப் போனால் கழிவறைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மேடைப்பின்_அண்ணன் (3.05)

அதைத்தான் நீங்கள் முதலில் சொல்லியிருக்க வேண்டும். வருகிறவர் முன் மின்தூக்கியில் ஏறி, 4 என்ற பொத்தானைத் தேடுவார். இல்லை என்றதும் 3ஐ அழுத்திப் போய், மேலே படிக்கட்டு தேடி அலைவார். சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்த வழியும் கிடையாது. இப்படி எழுதுங்கள்:

"இன்று மாலை 6.30 சிறுகதைக் கலந்துரையாடல்: அறை மாறிவிட்டது.
புதிய அறை: தளம் 4, #04-07. கட்டடம் அதேதான், நேரமும் அதேதான். 2ஆம் தளத்துக்குப் போக வேண்டாம்.
முன்வாசல் மின்தூக்கி 4ஆம் தளத்துக்குப் போகாது. வரவேற்பு மேசையைத் தாண்டி நேராக நடங்கள். கழிவறைக்கு அடுத்து இன்னொரு மின்தூக்கி இருக்கும், அதில் 4 அழுத்துங்கள். வெளியே வந்ததும் வலப்பக்கம், கடைசிக் கதவு.
வழி தெரியாவிட்டால் இந்த எண்ணுக்கு அழையுங்கள்."

வலமா இடமா, எந்தக் கதவு என்பதை நீங்கள் போய்ப் பார்த்துச் சரிசெய்யுங்கள். மின்தூக்கியை விட்டு வெளியே வருபவர் நிற்கும் நிலையிலிருந்துதான் வலம், இடம் சொல்ல வேண்டும். அறை வாசலில் நின்று யோசித்து எழுதினால் தலைகீழாகிவிடும். வணக்கமும் வருத்தமும் கடைசியில் இருக்கட்டும். பூட்டுத் திரையில் முதல் வரி மட்டும்தான் தெரியும், அதில் "அன்பு நெஞ்சங்களே" தெரிந்தால் பாதிப் பேர் அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிடுவார்கள்.

பழைய செய்தியைத் திருத்தி அனுப்பவும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் திருத்தினால் புது அறிவிப்பு யாருக்கும் போகாது. புதுச் செய்தியாகவே போடுங்கள், அதைக் குழுவில் மேலே பொருத்தி வையுங்கள். ஒலிபரப்புப் பட்டியல் இன்னும் சிக்கல்: உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். செய்தியை அழுத்திப் பிடித்தால் வரும் தகவல் பக்கத்தில் யார் யாருக்குச் சேர்ந்தது என்று பார்த்துவிட்டு, சேராதவர்களுக்குப் போன் போடுங்கள்.

யீஷூன்_காரர் (3.11)

சரி, பின் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாட்ஸ்அப்பை விடக் குறுஞ்செய்தி மேலாயிற்றே? எங்கள் அலுவலகத்தில் ஒரே சொடுக்கில் எல்லாருக்கும் போகும்.

மேடைப்பின்_அண்ணன் (3.18)

சொந்தப் போனிலிருந்து அனுப்பினால் சரி. மொத்தமாக அனுப்பும் இணையச் சேவையில், பதிவு செய்யாத பெயரோடு அனுப்பினால் 2023 முதல் அது Likely-SCAM என்ற தலைப்பில்தான் போய் விழும். நம் ஊரில் அதைப் பார்த்த யாரும் திறக்கமாட்டார்கள். குறுக்கிய இணைப்பும் வேண்டாம். வழியை எழுத்திலேயே கொடுங்கள்.

பொங்கோல்_மருமகள் (3.24)

எங்கள் கொண்டோவில் என் தங்கை நிச்சயதார்த்தத்தில் இதேதான் நடந்தது. இரண்டு புளோக், இரண்டிலும் விருந்து அறை. காவலரிடம் பெயர் சொல்லிவைக்காததால் அவர் எல்லாரையும் பழைய புளோக்குக்கே அனுப்பினார். செய்தி எவ்வளவு அழகாக எழுதி என்ன, மாமியார் வீட்டார் அதைப் படிக்கவே இல்லை! வரவேற்பு மேசையில் இருப்பவருக்குப் புது அறை எண்ணைச் சொல்லிவிட்டீர்களா, அக்கா?

இன்னொன்று. இந்தியாவிலிருந்து புதிதாக வந்தவர்கள் தரைத்தளத்தைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். "நான்காவது மாடி" என்றால் ஐந்தாவதாக எண்ணுவார்கள். பொத்தானில் உள்ள எண்ணைச் சொல்வதே நல்லது.

தெம்பனிஸ்_வாசகி (3.40)

நல்ல வேளை கேட்டீர்கள், மேசையில் இன்னும் சொல்லவில்லை. இப்போது போகிறேன். பழைய அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டினால் போதுமா?

மேடைப்பின்_அண்ணன் (3.49)

கதவு கடைசி இடம். அதற்கு முன்பே திரும்ப வேண்டிய இடங்களில் ஒட்ட வேண்டும்: முன் மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒன்று, பின் மின்தூக்கி வாசலில் ஒன்று, 4ஆம் தளத்தில் வெளியே வந்ததும் எதிர்ச் சுவரில் ஒன்று. அப்புறம் பழைய கதவில். தாளில் நிகழ்ச்சியின் பெயரும் #04-07உம் அம்புக்குறியும் இருந்தால் போதும். மூன்று மீட்டர் தள்ளி நிற்பவருக்கு எழுத்து 2.5 செ.மீ. உயரமாவது இருக்கட்டும். மேல்நோக்கிய அம்பு போடாதீர்கள். சிலருக்கு அது நேராகப் போ, சிலருக்கு மாடி ஏறு. பக்கவாட்டு அம்புதான் பாதுகாப்பு. ஒட்டுவதற்கு எந்த டேப் விடுவார்கள் என்று அலுவலகத்தில் கேளுங்கள், சுவர் பெயின்ட் பிய்ந்தால் உங்கள் தலையில்தான் விழும்.

பழைய கதவில் ஒரு ஆளை 7 மணி வரை நிறுத்துங்கள். தாமதமாக வருகிறவர் அவசரத்தில் தாளைப் படிக்கமாட்டார்.

தெம்பனிஸ்_வாசகி (இரவு 10.15)

நடந்து முடிந்தது. மேசையில் இருந்த பெண் எல்லாரையும் சரியாகத் திருப்பிவிட்டார். போனில் பிடித்த மூத்தவர்களும் வந்துவிட்டார்கள். ஆனால் மூன்று பேர் காரில் வந்து, அடுக்குமாடி கார் நிறுத்துமிடத்துப் பாலம் வழியாக நேராக 3ஆம் தளத்தில் நுழைந்திருக்கிறார்கள். அங்கே மேசையும் இல்லை, தாளும் இல்லை. ஒருவர் கடைசி வரை வரவே இல்லை, வீட்டுக்குப் போய்விட்டதாகச் செய்தி அனுப்பினார்.

மேடைப்பின்_அண்ணன் (10.32)

பாலம் இருப்பது எனக்குத் தெரியாதே. அங்கே தாளில் என்ன எழுதியிருக்க முடியும் என்றுதான் யோசிக்கிறேன். 3இலிருந்து பின் மின்தூக்கிக்கு நடக்க வழி உண்டா, இல்லை கீழே இறங்கித்தான் வர வேண்டுமா?

தெம்பனிஸ்_வாசகி (10.40)

நடுவில் ஒரு கதவு இருக்கிறது. சனிக்கிழமைகளில் அதைப் பூட்டுவார்களா என்று திங்கள்கிழமை கேட்கிறேன்.

தேக்கா_பாட்டி (10.44)

அப்படியே வாடகையையும் கேளுங்கள்.